வடிவான கொப்பியும் வெறுமையான விடைத்தாளும்

கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இருக்கும் என் அக்காவின் வீட்டுக்கு கடந்த மாதம் போயிருந்தேன். இரவு பதினொரு மணி தாண்டியும் அவளது மகளின் மேசை விளக்கு அணையவில்லை. பிள்ளை இரண்டாம் தடவையாக உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவில் படிக்கிறாள். மேசையில் அடிமட்டம், நாலு நிறப் பேனைகள், வெள்ளை மை. இதயம் பற்றிய பாடத்தை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வரி கோணலாகப் போனதும் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

"இது எத்தனையாவது தரம்?" என்று கேட்டேன்.

"மூணாவது, சித்தி. முதல் எழுதினது வடிவா வரல்ல. கொப்பி ஒழுங்கா இருந்தாத்தான் என்னால படிக்க ஏலும்."

கொப்பியை வாங்கி மூடிவிட்டு, "பெருநாளத்தால வார ஒரு துளி இரத்தம் தொகுதிப் பெருநாடிக்குப் போய்ச் சேரும் வரைக்கும் வழி சொல்லு" என்றேன். வலது சோணையறை, வலது இதயவறை, சுவாசப்பை நாடி என்று சரியாகவே தொடங்கினாள். சுவாசப்பையிலிருந்து திரும்பும்போது தடுமாறினாள். இடது பக்கத்தில் இருக்க வேண்டிய இருகூர் வால்வுக்குப் பதிலாக முக்கூர் வால்வைச் சொன்னாள். அரைமதி வால்வுகள் இரண்டும் விடுபட்டுப் போயின. மூன்று தடவை தன் கையாலேயே நிறம் தீட்டி வரைந்த படம் அது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுதுவதும் நினைவுக்கு எடுப்பதும்

பார்த்து எழுதும்போது விடை கண்ணெதிரே இருக்கிறது. மூளை அதைத் தேடத் தேவையில்லை. கவனம் எழுத்தின் வடிவிலும் கோட்டின் நேரிலும் போய்விடுகிறது. அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் அது பழகிய முகம்போல ஆகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தைத்தான் 'எனக்குத் தெரியும்' என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பரீட்சை மண்டபத்தில் யாரும் பக்கத்தைக் காட்டி 'இதைப் பார்த்திருக்கிறாயா?' என்று கேட்பதில்லை. வெறும் தாளைத் தந்து எழுதச் சொல்கிறார்கள்.

2006இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். மாணவர்களில் ஒரு குழுவினர் ஒரு சிறு பனுவலை நான்கு அமர்வுகளில் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றொரு குழுவினர் முதல் அமர்வில் மட்டும் வாசித்துவிட்டு, அடுத்த மூன்றிலும் பனுவலைப் பாராமல் நினைவில் வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள்: 83 வீதம், மற்றவர்கள் 71 வீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. வாசித்தவர்களுக்கு 40 வீதம்தான் நினைவில் இருந்தது, பாராமல் எழுதியவர்களுக்கு 61 வீதம் இருந்தது. தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்களோ வாசித்த குழுவினர்தான்.

அந்தச் சோதனை வாசிப்பைப் பற்றியது, குறிப்பு எழுதுவதைப் பற்றியது அல்ல என்று சிலர் கேட்கலாம். கார்பிக்கியும் பிளண்டும் 2011இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு நெருக்கமானது. அதில் ஒரு சாரார் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கருத்துப்படம் வரைந்தார்கள். மறு சாரார் மூடிவைத்துவிட்டு எழுதினார்கள். அங்கும் ஒரு வாரத்தின் பின் மூடிவைத்தவர்களே கூடுதலாக விடை எழுதினார்கள்.

மட்டக்களப்பில் கூத்துப் பழகியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அண்ணாவியார் யாரையும் ஏட்டை அழகாகப் பார்த்து எழுதச் சொல்வதில்லை. களரியில் நின்று பாடச் சொல்கிறார். அடி மறந்து நிற்கும் இடத்தில் மட்டும் எடுத்துக் கொடுக்கிறார். எங்கே மறக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும்.

பிறகு ஏன் விட முடிவதில்லை?

இத்தனையும் சொன்ன பிறகும் பிள்ளையால் பேனையைக் கீழே வைக்க முடியவில்லை. இதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ சொல்ல முடியாது. கொப்பி எழுதுவதில் தோல்வி இல்லை. மூன்று மணிநேரம் எழுதினால் மூன்று மணிநேர வேலை கண்ணுக்குத் தெரிகிறது. பாராமல் எழுதினாலோ முதல் பத்து நிமிடத்திலேயே 'எனக்குத் தெரியாது' என்பது வெளிப்பட்டுவிடுகிறது. பிழை விடவே கூடாது என்று நினைக்கும் ஒருவருக்கு அதைத் தாங்குவது கடினம். கொப்பியைத் திரும்ப எழுதும்போது அந்தப் பயம் கொஞ்ச நேரம் அடங்குகிறது. அடங்குவதாலேயே நாளைக்கும் அதையே செய்யத் தோன்றுகிறது.

பூரணத்துவம் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்த கனடிய உளவியலாளர்கள் ஹெவிட்டும் பிளெட்டும் அதில் ஒரு வகையைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். 'நான் குறையில்லாமல் இருந்தால்தான் மற்றவர்கள் என்னை ஏற்பார்கள்' என்ற நினைப்பு அது. எங்கள் வீடுகளில் அதற்கு ஒரு வரலாறும் உண்டு. 2007 மார்ச்சில் படுவான்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடிவந்தபோது, அக்காவின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை இந்தப் பிள்ளைதான். என் தோளில் தொங்கியது என் உயர்தரக் கொப்பிகள் இருந்த பை. வழியில் அது நனைந்துபோனது. கூடாரத்தில் இருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினேன். அன்று அதற்குத் தேவை இருந்தது, கொப்பியே இல்லை. ஆனால் எழுதி முடித்த பிறகும் நான் நிறுத்தவில்லை. ஒன்றும் நம் கையில் இல்லாத நாட்களில் கொப்பி ஒன்றாவது ஒழுங்காக இருந்தது. அந்தக் கதையை வீட்டில் பெருமையாகச் சொல்லிச் சொல்லியே பிள்ளையை வளர்த்தோம். 'நீ படித்துத்தான் இந்தக் குடும்பம் நிமிர வேண்டும்' என்றும் சேர்த்துச் சொன்னோம்.

ஒரு வாரச் சோதனை

பூரணத்துவத்துக்கான உளவியல் சிகிச்சையில் ஒரு வழி உண்டு. பயப்படுவதை வாதாடி மாற்ற முயலாமல், சிறிய அளவில் சோதித்துப் பார்க்கச் செய்வது. நாங்களும் அதைத்தான் செய்தோம். முதலில் அவளுடைய பயத்தை அவள் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொன்னேன். 'திரும்ப எழுதாத பாடம் எனக்கு மறந்துபோகும்' என்று எழுதினாள்.

பிறகு ஒரே அளவான இரு பாடப்பகுதிகளைத் தெரிந்தோம். சுவாசத்தை அவள் வழமைபோல வடிவாக எழுதலாம். இதயத்தை இனி எழுதக்கூடாது. ஏற்கெனவே இருக்கும் குறிப்பே முடிந்த குறிப்பு, திருத்தம் இருந்தால் ஓரத்தில் பென்சிலால் மட்டும். இரண்டுக்கும் ஒரே அளவு நேரம்.

இதயத்துக்கு அவள் செய்தது இவ்வளவுதான். கொப்பியை மூடி வேறு அறையில் வைத்துவிட்டு, பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் பதினைந்து நிமிடம் நினைவில் வந்ததை எழுதினாள். பென்சில் மட்டும், அடிமட்டமும் அழிறப்பரும் இல்லை. நேரம் முடிந்ததும் கொப்பியைத் திறந்து, விடுபட்டதையும் பிழைத்ததையும் சிவப்புப் பேனையால் குறித்தாள். அந்த இடங்களை மட்டும் வாசித்தாள். அடுத்த நாள், பிறகு மூன்றாம் நாள், பிறகு ஆறாம் நாள் அதையே வெறும் தாளில் திரும்பச் செய்தாள்.

முதல் நாள் இரத்தம் போகும் வழியின் 13 இடங்களில் 7தான் வந்தது. ஆறாம் நாள் 12 வந்தது. ஏழாம் நாள் கடந்தகால வினாத்தாள்களிலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் பத்துப் பல்தேர்வு வினாக்களை எடுத்துக் கொடுத்தேன். சுவாசத்தில் 4 சரி, இதயத்தில் 7 சரி.

"எந்தப் பக்கத்தில எழுதின எண்டுகூடத் தெரியுது சித்தி, விடைதான் வரல்ல" என்றாள் சுவாசத்தைப் பற்றி.

ஒரு பிள்ளையின் ஒரு வாரத்தை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. ஆனால் அவளுக்கு என் பேச்சைவிடத் தன் கையால் போட்ட அந்த இரண்டு புள்ளிகள் போதுமாக இருந்தன.

எங்கே பிசகும்?

இரண்டாம் நாளே ஒரு சிக்கல் வந்தது. பாராமல் எழுதிய தாளை அழகாக இல்லை என்று இன்னொரு தாளில் திருத்தி எழுதத் தொடங்கிவிட்டாள். பழக்கம் இடம் மாறிக்கொண்டது. ஆகவே சரிபார்த்த தாளை உடனே அடுப்பங்கரைக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். மறந்துபோனவற்றின் சிறு பட்டியல் மட்டும் மேசையில் இருக்கும்.

மற்றொன்று, நடுவில் கொப்பியை எட்டிப் பார்ப்பது. ஒரு சொல் வராமல் இரண்டு நிமிடம் தவிப்பதுதான் பயிற்சி. அதைப் பொறுக்காமல் பார்த்துவிட்டால் அது மீண்டும் பார்த்து எழுதுவதாகவே ஆகிவிடும். இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மேலே போகலாம். ஆனால் முடிந்ததும் சரிபார்ப்பதைத் தவறவிடக்கூடாது. சரிபார்க்காவிட்டால் பிழையான விடையே மனதில் பதியக்கூடும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. விளங்காத பாடத்தைப் பாராமல் எழுதிப் பயனில்லை. முதலில் ஆசிரியரிடம் கேட்டு விளங்கி, ஒரு தடவை சொந்தச் சொற்களில் குறிப்பு எழுதத்தான் வேண்டும். நாம் வேண்டாம் என்று சொல்வது இரண்டாவது, மூன்றாவது பிரதியைத்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இது இருக்கிறதா என்று அறியக் கொப்பியே காட்டிக் கொடுக்கும். முதல் இரண்டு அலகுகள் தடித்தும் நிறமாகவும் இருக்கும், கடைசி அலகுகள் தொடாமல் கிடக்கும். கடந்தகால வினாத்தாள்கள் 'முழுக்கப் படிச்சிட்டுச் செய்வம்' என்று பூட்டிவைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் 'கொப்பி எழுதி முடிச்சிட்டியா?' என்று கேட்பதை நிறுத்தி, 'இண்டைக்கு எது ஞாபகம் வரல்ல?' என்று கேளுங்கள். மறந்ததைச் சொன்னதற்காகத் திட்டாதீர்கள்.

ஒரு எழுத்துச் சரியாக அமையும் வரை நிறுத்தவே முடியாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டு, நிறுத்தச் சொன்னால் பதற்றத்தில் நடுங்கும் நிலை வந்தால், இந்த வீட்டு வைத்தியம் போதாது. அது சிகிச்சை உள்ள நோயாக இருக்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவை அணுகலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

நான் திரும்பும் நாள் காலையில் அக்கா வாசலில் நின்று, "பிள்ளைர கொப்பி முந்தி மாதிரி வடிவா இல்ல கண்டியா" என்றாள் கவலையோடு. அடுப்படியில் இருந்த தாள் கட்டைக் காட்டினேன். ஒன்பது நாளில் பதினேழு தாள்கள் சேர்ந்திருந்தன. மேசையில் பிள்ளை கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அதுவரை பூட்டி வைத்திருந்த வினாத்தாள்களில் முதலாவதைச் செய்துகொண்டிருந்தாள்.