கெடு தாண்டிய மனுக்கள்

கர்நாடகத்தில் அரசு அலுவலகக் கவுன்ட்டரில் ஒரு சான்றிதழுக்கு மனுக் கொடுத்தால், 15 இலக்க எண்ணோடு ஒப்புகைச் சீட்டு தருவார்கள். 2011-ல் வந்த சேவை உறுதிச் சட்டத்தைச் செயல்படுத்த, 2012 ஏப்ரலில் தொடங்கிய ‘சகாலா’ திட்டத்தின் எண் அது. அதைத் தட்டிப் பார்த்தால் மனுவின் நிலை தெரியும். அதிகாரியின் திரையிலோ மொத்த நிலுவைப் பட்டியலே ஓடும்: எந்த மனு, எத்தனை நாளாக, எந்த மேசையில்.

கணக்கு எளிது. 21 நாள் கெடுவுள்ள ஒரு சேவைக்கு ஜூன் 3-ல் மனு வந்தது, விடுமுறைகளைக் கழிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். கெடு ஜூன் 24. ஜூலை 4-ல் திரையைத் திறந்தால் நிலுவை 31 நாள், தாமதம் 10 நாள். சட்டப்படி தாமதத்துக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் இழப்பீடு; ஆக 200 ரூபாய். பொறுப்பான அலுவலரிடமிருந்து அது வசூலிக்கப்பட வேண்டும்.

ஆனால் இழப்பீட்டுக்கு 500 ரூபாய் உச்சவரம்பு உண்டு. 25-வது தாமத நாளில் அதைத் தொட்டுவிடும். அதற்கு மேல் மனு இன்னும் மூன்று மாதம் கிடந்தாலும் தொகை ஒரு ரூபாய்கூட ஏறாது. திரையைப் பார்த்து வேலை செய்யும் எழுத்தர் யாரானாலும், நாளை கெடு முடியும் மனுவைத்தானே முதலில் கையில் எடுப்பார்? ஏற்கெனவே கெட்டுப்போனது கெட்டதுதான். புதிய மனுக்களைக் காப்பாற்றும் அவசரத்தில் பழையவை அடியில் தங்கிவிடுகின்றன.

சதவீதத்தைப் பார்த்தால் இது தெரியாது. ஓர் அலுவலகம் ஒரு மாதத்தில் 100 மனுக்களை முடித்து, அதில் 96-ஐக் கெடுவுக்குள் முடித்ததாகக் கொள்வோம். 96 சதவீதம், சபாஷ்! முடியாமல் கிடக்கும் 40 மனுக்களில் 12 இரண்டு மாதத்துக்கு மேற்பட்டவை என்றாலும் அந்த எண் அசையாது. அது முடித்தவற்றை மட்டுமே எண்ணுகிறது. ஆகவே மேற்பார்வையாளர் பட்டியலை நிலுவை நாளின்படி இறங்குவரிசையில் அடுக்கி, உச்சியில் நிற்கும் மனுவை முதலில் கேட்க வேண்டும்.

இன்னொரு ஓட்டை, நிராகரிப்பு. கெடுவின் கடைசி நாளில் ‘ஆவணம் போதவில்லை’ என்று தள்ளிவிட்டாலும் மனு உரிய காலத்தில் முடிந்ததாகவே பதிவாகலாம். மனுதாரர் திரும்ப வந்து புதிதாகக் கொடுத்தால், கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். கடைசி இரண்டு நாளில் மட்டும் நிராகரிப்பு குவிந்தாலோ, அதே ஆள் அதே சேவைக்குத் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்தாலோ அங்கே விசாரிக்க வேண்டியது இருக்கிறது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, அந்த 15 இலக்க எண்ணைக் குறிப்பிட்டு மேல் அதிகாரியிடம் முறையீடு செய்யலாம்.