ஒரே குழந்தை, இரண்டு பார்வை: பியாஜேயையும் வைகாட்ஸ்கியையும் ஒப்பிடுவது எப்படி?

குழந்தை வளர்ச்சிப் பாடம் படிக்கும் பயிற்சி ஆசிரியர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் இடுபணி ஒன்று உண்டு. படிநிலைக் கோட்பாட்டையும் சமூகக் கோட்பாட்டையும் ஒப்பிட்டு, வகுப்பறையில் அவை எப்படிப் பயன்படும் என்று விளக்க வேண்டும். முதல் கோட்பாட்டுக்கு சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜான் பியாஜேயையும், இரண்டாவதற்கு சோவியத் நாட்டைச் சேர்ந்த லெவ் வைகாட்ஸ்கியையும் எடுத்துக்கொள்வதே வழக்கம். இருவரும் 1896-இல் பிறந்தவர்கள். வைகாட்ஸ்கி 1934-லேயே காலமானார். பியாஜே 1980 வரை வாழ்ந்தார்.

பலர் தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் பியாஜேயின் நான்கு படிநிலைகளையும் மறுபக்கம் வைகாட்ஸ்கியின் கருத்துகளையும் எழுதிவிடுகிறார்கள். எழுதியது சரியாகவே இருக்கும். ஆனால், அது ஒப்பீடு ஆகாது. ஒரு குழந்தை சொன்ன ஒரே பதிலை இருவரும் எப்படிப் புரிந்துகொள்வார்கள், அதற்குப் பிறகு ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பார்கள் என்று கேட்கும்போதுதான் ஒப்பீடு தொடங்குகிறது.

பன்னிரண்டு ரப்பர் கொட்டைகள்

எடுத்துக்காட்டாக, முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். ஆசிரியர் மேசைமேல் ஆறு ரப்பர் கொட்டைகளை ஒரு வரிசையாக வைக்கிறார். அதற்கு நேர் கீழே இன்னும் ஆறு. “இரண்டு வரிசையிலும் ஒரே அளவா?” என்று கேட்கிறார். “ஆமாம், டீச்சர்” என்கிறாள் மாணவி. பிறகு அவள் கண்முன்னாலேயே கீழ் வரிசைக் கொட்டைகளைத் தள்ளித் தள்ளி வைத்து, வரிசையை நீளமாக்குகிறார். மீண்டும் அதே கேள்வி. இப்போது அவள் நீளமான வரிசையைக் காட்டி, “இதில்தான் நிறைய” என்கிறாள்.

பியாஜேயின் பார்வையில், இது கவனக்குறைவு அல்ல. பொருள்களை இடம் மாற்றினாலும் எண்ணிக்கை மாறாது என்ற எண்ணம் அவளுக்குள் இன்னும் உறுதிப்படவில்லை. வரிசையின் நீளம் என்ற ஒன்றை மட்டுமே பார்க்கிறாள். கொட்டைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. ஏறத்தாழ 2 முதல் 7 வயது வரையிலான இரண்டாம் படிநிலைக்குரிய அடையாளம் இது. அடுத்த படிநிலை ஏறத்தாழ 7 முதல் 11 வயது வரை. நம் நாட்டில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் சரியாக இந்த எல்லையில்தான் நிற்கிறார்கள். ஆகவே, ஒரே வகுப்பில் இரண்டு வகைப் பதிலும் வருவது இயல்பு.

இங்கே ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. “ஏழு வயதாகிவிட்டது, இன்னும் தெரியவில்லை, ஆகவே இவள் மெதுவான மாணவி” என்று முடிவுகட்டுவதே அது. படிநிலைகளின் வரிசை மாறாது என்றுதான் பியாஜே வலியுறுத்தினார். வயது என்பது தோராயமான கணக்கு மட்டுமே.

விதியை மனனம் செய்ய வைப்பதால் பயனில்லை என்பது அவர் கருத்து. குழந்தையே கொட்டைகளை நீட்டியும் குறுக்கியும் எண்ணிப் பார்க்க வேண்டும். தான் நினைத்ததும் கண்டதும் முரண்படும்போதுதான் சிந்தனை மாறும்.

உதவி கிடைத்தால் என்ன ஆகும்?

வைகாட்ஸ்கி இங்கே வேறு கேள்வி கேட்பார். மாணவி தனியாக எதைச் செய்தாள் என்பது தெரிந்துவிட்டது. உதவி கிடைத்தால் எதுவரை செய்வாள்?

இதற்கு அவர் தந்த விளக்கம் எளிமையானது. இரண்டு குழந்தைகள். தனியாகச் சோதித்தால் இருவரும் எட்டு வயதுப் பிள்ளைக்குரிய கணக்குகளையே செய்கிறார்கள். சிறிது வழிகாட்டியதும், ஒரு குழந்தை ஒன்பது வயதுக்குரிய கணக்கு வரை செல்கிறது; மற்றது பன்னிரண்டு வயதுக்குரிய கணக்கு வரை செல்கிறது. தேர்வுப் புள்ளியில் இருவரும் ஒன்று. ஆனால், உண்மையில் ஒன்றல்ல. தனியாகச் செய்வதற்கும் உதவியோடு செய்வதற்கும் இடையிலுள்ள தூரத்தையே அவர் அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார். பாடம் அந்த இடைவெளியில்தான் நடக்க வேண்டும்.

ஆகவே, ஆசிரியர் கொட்டைகளைக் கலைக்காமல், “மேலே உள்ள ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு ஜோடி இருக்கிறதா, பார்” என்கிறார். மாணவி விரலால் கோடிழுத்து ஜோடி சேர்க்கிறாள். “ஒரே அளவுதான்” என்கிறாள். ஒரே ஒரு குறிப்பு போதுமானதாக இருந்தது. இன்னொரு மாணவனுக்கு நான்கு குறிப்புகள் தேவைப்படலாம். அந்த வேறுபாடுதான் ஆசிரியர் குறித்துவைக்க வேண்டிய செய்தி.

இந்த வழியிலும் பிழை நேரலாம். உதவி என்ற பெயரில் ஆசிரியர் விடையையே சொல்லிவிட்டால், பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லும். உண்மையிலேயே புரிந்ததா என்று அறிய, உதவியை விலக்கிவிட்டு வேறு பொருளைக் கொடுக்க வேண்டும். எட்டுப் பொத்தான்களை வட்டமாக வைத்துக் கேட்கும்போதும் சரியான விடை வந்தால், கற்றல் நடந்திருக்கிறது.

யாரை யாரோடு உட்கார வைப்பது?

“பியாஜே சமூகத்தைப் பொருட்படுத்தவில்லை” என்று இடுபணிகளில் எழுதப்படுவதுண்டு. இது தவறு. ஒத்த நிலையிலுள்ள பிள்ளைகள் வாதிட்டுக்கொள்வது சிந்தனையை வளர்க்கும் என்று அவர் கருதினார். பெரியவர் சொன்னால் பிள்ளை பணிந்துபோகும்; நண்பன் சொன்னால் “அது எப்படி?” என்று எதிர்க்கேள்வி கேட்கும். வைகாட்ஸ்கியோ, கூடுதலாக அறிந்த ஒருவரின் துணையை முன்னிறுத்தினார். எனவே, குழு அமைக்கும்போதே இரு கோட்பாடுகளும் பிரிகின்றன. பியாஜேயின் வழியில், மாறுபட்ட பதில் சொன்ன இரு சமமான பிள்ளைகளை எதிரெதிரே உட்கார வைக்கலாம். வைகாட்ஸ்கியின் வழியில், விளங்கிக்கொண்ட பிள்ளையை விளங்காத பிள்ளையோடு சேர்க்கலாம்.

வகுப்பில் பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே கணக்குச் செய்வதிலும் இதே பிரிவு தெரியும். அந்தப் பேச்சைப் பிறரை எண்ணாத சிறுவயதுப் பேச்சு என்றும், வளர வளர மறைந்துவிடும் என்றும் பியாஜே கண்டார். வைகாட்ஸ்கியோ, அது மறைவதில்லை, உள்ளே சென்று மௌனச் சிந்தனையாகிறது என்றார். கணக்குக் கடினமாகும்போது அந்தப் பேச்சும் கூடுவதை அவர் சான்றாகக் காட்டினார். அப்படியானால், “வாயை மூடிக்கொண்டு செய்” என்று அதட்டுவது, பிள்ளை ஊன்றி நடக்கும் கோலைப் பிடுங்குவதற்குச் சமம்.

எங்கே குறைபடுகின்றன?

ஸ்காட்லாந்தில் 1970-களில் நடந்த ஓர் ஆய்வு இந்த இடுபணிக்கு மிகவும் உதவும். பியாஜேயின் அதே வரிசைச் சோதனைதான். ஆனால், வரிசையைக் கலைத்தவர் ஆய்வாளர் அல்ல. ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை. அப்போது முன்பைவிட அதிகமான பிள்ளைகள் சரியாகப் பதில் சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், பதிலும் மாற வேண்டும் போலும் என்று பிள்ளைகள் நினைத்திருக்கலாம். அதாவது, படிநிலையை அளக்கும் சோதனைக்குள்ளேயே சமூக உறவு புகுந்திருக்கிறது.

மறுபக்கம், தனியாகச் செய்ய முடியாத பிள்ளைக்கு உதவலாம் என்று வைகாட்ஸ்கி சொன்னாலும், எந்த வயதில் எந்த வகைத் தவறு வரும் என்பதைப் பியாஜே அளவுக்கு அவர் விரிவாக வரைந்து காட்டவில்லை. உதவியைப் படிப்படியாகக் குறைக்கும் “சாரம் கட்டுதல்” என்ற சொல்லும் அவருடையதல்ல. வுட், புரூனர், ராஸ் ஆகிய மூவரும் 1976-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது அது.

ஆகவே, இடுபணியின் முடிவில் “இரண்டுமே முக்கியம்” என்று எழுதி நிறுத்துவது போதாது. பிள்ளையின் தவறு என்ன வகை என்று கண்டுபிடிக்கப் பியாஜே உதவுகிறார். அந்தப் பிள்ளை எவ்வளவு உதவியில் அதைத் தாண்டும் என்று அறிய வைகாட்ஸ்கி உதவுகிறார். முதலாவதோடு நின்றுவிட்டால், “இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை” என்று மாணவியைப் பின்வரிசையில் காத்திருக்க விட்டுவிடுவோம். முதலாவதைத் தவிர்த்துவிட்டால், அவளுக்குத் தேவையில்லாத இடத்தில் உதவிக்கொண்டிருப்போம்.