கெயினைக் கூட்டினால் துருவங்கள் எங்கே போகும்?

ஆன்டெனா ஒன்றைச் சொன்ன கோணத்துக்குத் திருப்பி நிறுத்தும் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். நிற்க வேண்டிய கோணத்துக்கும் இப்போதைய கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் ஆம்ப்ளிஃபயர் பெருக்கி மோட்டாருக்குக் கொடுக்கிறது. அந்தப் பெருக்கத்தின் அளவுதான் கெயின், அதாவது K. K சிறியதாக இருந்தால் ஆன்டெனா சோம்பலாகத் திரும்பும். கூட்டினால் வேகம் வரும். மேலும் கூட்டினால் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பும். ஓர் அளவுக்கு மேல் அந்த ஆட்டம் அடங்கவே அடங்காது.

அந்த அளவைத் தாளில் வரைந்தே கண்டுபிடிக்கும் வழியை அமெரிக்கப் பொறியாளர் வால்டர் எவன்ஸ் 1948இல் வெளியிட்டார். அதற்குப் பெயர் ரூட் லோகஸ்.

நம் மோட்டாரின் கணக்கு `K/(s(s+1)(s+2))` என்று வைத்துக்கொள்வோம். பின்னூட்டம் சேர்ந்ததும், ஆன்டெனா எப்படி நடந்துகொள்ளும் என்பதை `s(s+1)(s+2) + K = 0` என்ற சமன்பாட்டின் மூன்று வேர்கள் தீர்மானிக்கின்றன. இவையே துருவங்கள். ஒரு துருவம் செங்குத்து அச்சுக்கு இடப்புறம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் அதன் விளைவு அடங்கும். படுக்கை அச்சிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, ஆட்டம் அவ்வளவு வேகமானது. வலப்புறம் போய்விட்டால் ஆட்டம் வளரும்.

K பூஜ்யமாக இருக்கும்போது துருவங்கள் 0, -1, -2 ஆகிய இடங்களில் நிற்கின்றன. தாளில் அங்கே மூன்று பெருக்கல் குறிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். K கூடக் கூட, 0இல் இருப்பதும் -1இல் இருப்பதும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து, -0.42க்கு அருகில் சந்திக்கின்றன. அப்போது K சுமார் 0.385. அதற்குப் பிறகு ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் பிரிகின்றன. ஆன்டெனாவில் ஆட்டம் தொடங்குவது இங்கேதான். -2இல் இருந்த மூன்றாவது துருவம் இடப்பக்கமாகவே போய்க்கொண்டிருக்கும்.

இந்தப் படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. சமன்பாட்டை விரித்தால் `s^3 + 3s^2 + 2s + K = 0`. இதில் K கடைசி உறுப்பில் மட்டுமே இருக்கிறது. எனவே K எதுவானாலும் மூன்று வேர்களின் கூட்டுத்தொகை -3தான். மூன்றாவது துருவம் இடப்பக்கம் நகர்ந்தால், கூட்டுத்தொகை மாறாமலிருக்க மற்ற இரண்டும் வலப்பக்கம் நகர்ந்தே ஆக வேண்டும்.

அந்த ஜோடி செங்குத்து அச்சைத் தொடும் கணத்தில் இடப்பக்கத் தொலைவு அவற்றுக்கு இல்லை. அப்படியானால் மூன்றாவது துருவம் சரியாக -3இல் இருக்கும். பாதையில் உள்ள எந்தப் புள்ளியிலிருந்தும் மூன்று தொடக்கப் புள்ளிகளுக்குள்ள தொலைவுகளைப் பெருக்கினால் அங்கே K கிடைத்துவிடும். -3இலிருந்து 3, 2, 1. ஆக, K = 6. எஞ்சிய ஜோடி `s^2 + 2 = 0` என்பதன் வேர்கள், அவை 1.414 உயரத்தில் அச்சைக் கடக்கின்றன. ஆன்டெனா அப்போது சுமார் 4.4 நொடிக்கு ஒருமுறை அடங்காமலும் வளராமலும் ஆடிக்கொண்டிருக்கும்.

பலர் தவறுவது இந்தக் கடக்கும் புள்ளியில்தான். பாதைகள் வெகுதொலைவில் நெருங்கிச் செல்லும் 60 பாகைக் கோடுகளை -1இலிருந்து இழுப்பது வழக்கம். அவை அச்சை 1.732 உயரத்தில் வெட்டும். அதையே கடக்கும் இடமாக எடுத்துக்கொண்டால் K சுமார் 9.2 என்று வரும். 8 வைத்தாலும் ஆபத்தில்லை என்று தோன்றும். உண்மையில் 6இலேயே எல்லை தாண்டியாகிவிட்டது. சந்தேகம் வந்தால் மூன்று தொடக்கப் புள்ளிகளிலிருந்தும் அந்தப் புள்ளிக்குக் கோடு இழுத்து, படுக்கை அச்சுடன் அவை செய்யும் கோணங்களைக் கூட்டுங்கள். பாதையின் மேல் இருந்தால் 180 பாகை வர வேண்டும். 1.414இல் 90, 54.7, 35.3 சேர்ந்து சரியாக 180 வருகிறது, 1.732இலோ 191க்குப் போய்விடுகிறது.

எல்லையைக் கடந்த உடனே எதுவும் வெடித்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். K = 7 என்றால் ஜோடி அச்சுக்கு வலப்புறம் 0.04 அளவுதான் தள்ளியிருக்கும். ஆட்டத்தின் வீச்சு இரட்டிப்பாக ஏறத்தாழ 16 நொடி ஆகும். சில நொடிகள் மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று முடிவுகட்டிவிட இது போதும்.

படத்தின் மெய் நாம் எழுதிய கணக்கின் மெய்யைச் சார்ந்தது. ஆம்ப்ளிஃபயரின் சிறு தாமதத்தைக் குறிக்கும் -2ஐ மறந்துவிட்டால், மிஞ்சும் இரு துருவங்களும் -0.5இல் நேராக மேலும் கீழும் போகும். எவ்வளவு கெயின் கொடுத்தாலும் அச்சைக் கடக்காது. கெயினை எவ்வளவு கூட்டினாலும் பிழையில்லை என்று உங்கள் படம் காட்டினால், விட்டுப்போன தாமதத்தைத் தேடுங்கள். இந்த ஆன்டெனாவுக்கு நான் K = 1 வைப்பேன்: ஜோடி -0.34இல் நிற்கும், இலக்கைக் கொஞ்சம் தாண்டிவிட்டு அடங்கும், எல்லைக்கு இன்னும் ஆறு மடங்கு இடம் இருக்கும்.