இரண்டு வேலை, ஒரே வரம்பு: சூப்பர் பணத்துக்கு வரும் வரிக்கடிதம்

சிட்னி வென்ட்வொர்த்வில்லிலும் மெல்பேர்ன் டண்டெனாங்கிலும் வரிக்கணக்கு முடிந்த பிறகு நம்மவர் கைக்கு ஒரு கடிதம் வருகிறது. Excess concessional contributions determination என்று அதன் தலைப்பில் இருக்கும். பலர் அதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. பார்த்தவர்களும், "சூப்பர் போட்டது கம்பெனி, அதற்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்?" என்று கேட்டுவிட்டு ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அந்தக் கடிதத்துக்கு 60 நாள் கெடு உண்டு. அது தெரியாமல் கெடுவைத் தவறவிட்டவர்களைத் தொடர்ந்து பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலாளி போடும் கட்டாய சூப்பர் 2025 ஜூலை 1 முதல் சம்பளத்தில் 12 சதவீதம். அதோடு, வரிக்கு முந்தைய சம்பளத்திலிருந்து நாமாகத் திருப்பிவிடும் சாலரி சாக்ரிஃபைஸ் பணமும், வரிவிலக்கு கேட்டுத் தனியாகப் போடும் பணமும் சேரும். இவை எல்லாவற்றுக்கும் 2025-26 நிதியாண்டில் மொத்த வரம்பு 30,000 டாலர். சாலரி சாக்ரிஃபைஸ் நம் சம்பளத்திலிருந்து போனாலும் சட்டத்தின் கண்ணில் அது முதலாளியின் பங்களிப்புதான். வரம்பு ஒவ்வொரு முதலாளிக்கும் தனித்தனியாகக் கிடையாது. ஒவ்வொரு சூப்பர் நிறுவனத்துக்கும் தனித்தனியாகவும் கிடையாது. ஓர் ஆளுக்கு ஒன்றே.

இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அங்கும் 2020-21 முதல் வருங்கால வைப்பு நிதி, தேசிய ஓய்வூதியத் திட்டம், பணிமுதிர்வு நிதி ஆகியவற்றுக்கு முதலாளி போடுவது ஆண்டுக்கு ஏழரை லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊழியரின் வருமானமாகிவிடும். ஆனால் அதை அலுவலகமே கணக்கிட்டு, வரி பிடித்து, படிவம் 16-இல் காட்டிவிடும். ஆஸ்திரேலியாவில் எந்த அலுவலகமும் இந்தக் கணக்கைப் பார்க்காது. உங்கள் இரண்டாவது வேலையில் என்ன சூப்பர் போகிறது என்று முதல் அலுவலகத்துக்குத் தெரிய வழியே இல்லை. கூட்டிப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. பாரமட்டாவில் ஒரு மென்பொருள் பொறியாளருக்குச் சம்பளம் 1,30,000 டாலர். அதில் கட்டாய சூப்பர் 15,600. வரம்பை நிரப்பிக்கொள்ளச் சொல்லி நண்பர்கள் யோசனை தர, மீதி 14,400 டாலருக்குச் சாலரி சாக்ரிஃபைஸ் போட்டுவிட்டார். கணக்கு 30,000-இல் சரியாக நின்றது. பிறகு ஒரு கல்லூரியில் மாலை வேளையில் பாடம் நடத்தும் வேலை கிடைத்தது. அதில் சம்பளம் 50,000, சூப்பர் 6,000. சாலரி சாக்ரிஃபைஸை அவர் குறைக்கவில்லை. வரம்பு 6,000 டாலர் தாண்டிவிட்டது.

அந்த 6,000-ஐ வரித்துறை அவருடைய ஆண்டு வருமானத்தில் சேர்க்கிறது. அவர் 37 சதவீத வரிப்படியில் இருக்கிறார். மெடிகேர் வரியோடு 39 சதவீதம், அதாவது 2,340 டாலர். சூப்பர் நிறுவனம் உள்ளே ஏற்கெனவே 15 சதவீதம் வரி கட்டியிருப்பதால் 900 டாலர் கழிவு கிடைக்கும். கையிலிருந்து கட்ட வேண்டியது 1,440 டாலர். முன்பு இதற்கு மேல் தனியாக ஒரு கட்டணமும் இருந்தது, 2021-22 முதல் அது எடுக்கப்பட்டுவிட்டது.

1,440 டாலரால் யாரும் அழிந்துவிட மாட்டார்கள். ஆனால் 60 நாள் கெடு அதோடு சேர்ந்தே ஓடுகிறது. தீர்மானம் வெளியான நாளிலிருந்து 60 நாளுக்குள், மிகையில் 85 சதவீதம் வரை சூப்பரிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லி விருப்பம் தெரிவிக்கலாம். இவர் விஷயத்தில் அது 5,100 டாலர். சூப்பர் நிறுவனம் அதை வரித்துறைக்கு அனுப்பும். வரித்துறை 1,440-ஐயும் வேறு பாக்கி இருந்தால் அதையும் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். வேறு பாக்கி இல்லாத இவருக்கு 3,660 டாலர் திரும்பக் கிடைக்கும். எதுவும் செய்யாவிட்டால் வரியைக் கையிலிருந்து கட்ட வேண்டும். மிகை முழுவதும் ஓய்வுக்காலம் வரை உள்ளேயே பூட்டப்பட்டுவிடும். வரி கழித்த பணத்தை சூப்பரில் போடுவதற்கென்று வேறொரு வரம்பு உண்டு. அதிலும் இந்த மிகை கணக்காகும்.

இதைத் தெரிவிக்க வேண்டிய இடம் வரித்துறை. myGov வழியாக ATO பக்கத்துக்குள் போய்ச் செய்யலாம், இல்லையென்றால் வரிமுகவர் செய்துதருவார். சூப்பர் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி "திருப்பித் தாருங்கள்" என்று கேட்பவர்கள் வாரக்கணக்கை வீணாக்குகிறார்கள். வரித்துறையின் ஆணை வராமல் அந்த நிறுவனம் ஒரு டாலரையும் விடுவிக்க முடியாது. ஒருமுறை தெரிவித்த விருப்பத்தைத் திரும்பப் பெறவும் முடியாது, ஆகவே தொகையைச் சரிபார்த்துவிட்டு அழுத்துங்கள். இன்னொரு பிழையும் நடக்கிறது. சிலர் முன்ஜாக்கிரதையாக அந்த 6,000-ஐ வரிக்கணக்கில் தாங்களே வருமானமாக எழுதிவிடுகிறார்கள். எழுதக் கூடாது. சேர்ப்பது வரித்துறையின் வேலை.

பதறுவதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. முந்தைய ஜூன் 30 அன்று உங்கள் எல்லா சூப்பர் கணக்குகளிலும் சேர்ந்த இருப்பு 5,00,000 டாலருக்குக் கீழே இருந்தால், கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்தாமல் விட்ட வரம்பு தானாகவே வந்து மிகையை ஈடுகட்டும். myGov-இல் ATO, Super, Information, Carry-forward concessional contributions என்று போனால் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். அண்மையில் வந்து குறைந்த சம்பளத்தில் தொடங்கியவர்களுக்குப் பெரும்பாலும் இங்கே தாராளமாக இடம் இருக்கும். நம் பொறியாளர் ஆண்டுதோறும் வரம்பை நிரப்பி வந்தவர், அவருக்கு இடமில்லை.

இரண்டு மருத்துவமனைகளில் பணிபுரியும் மருத்துவர்களின் நிலை வேறு. 2025-26 வரம்பின்படி, இரு சம்பளமும் சேர்ந்து 2,50,000-ஐத் தாண்டினால், சாலரி சாக்ரிஃபைஸ் இல்லாமலே கட்டாய சூப்பர் மட்டும் வரம்பைத் தாண்டும். அந்த வருமானத்துக்கு மேல், வரம்புக்குள் இருக்கும் பங்களிப்பின் மீதே இன்னொரு 15 சதவீத வரியும் தனியாக வரும். இவர்கள் ஒரு முதலாளியைச் சூப்பர் கடமையிலிருந்து விடுவிக்கும் சான்றிதழை வரித்துறையிடம் கேட்கலாம். முன்கூட்டியே கேட்க வேண்டும்: காலாண்டு தொடங்குவதற்குக் குறைந்தது 60 நாள் முன்பு என்பது 2025-26 வரையான காலாண்டு முறையின் விதி. விண்ணப்பிக்கும் முன், நிற்கும் சூப்பருக்குப் பதிலாக அந்தப் பணத்தைச் சம்பளமாகத் தருவார்களா என்று மருத்துவமனையிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தந்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

கடைசியாகத் தேதி. சம்பளச் சீட்டில் சூப்பர் எழுதிய நாள் கணக்கில் வராது. சூப்பர் நிறுவனத்துக்குப் பணம் போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு. 2025-26 வரையான காலாண்டு முறையில் ஏப்ரல்-ஜூன் பணத்தை ஜூலை 28-க்குள் கட்டலாம் என்பதால் அது அடுத்த நிதியாண்டில் விழக்கூடும். 2026 ஜூலை 1 முதல் சம்பளம் கொடுத்த 7 வேலை நாளுக்குள் சூப்பர் போய்ச் சேர வேண்டும். முறை மாறும்போது ஏதோ ஓர் ஆண்டில் ஐந்து காலாண்டுகளின் பணம் விழக்கூடும். நம் பொறியாளரின் முதல் வேலையில் மட்டும் அது கூடுதலாக 3,900 டாலர். அவர் செய்த தவறு எதுவும் இதில் இல்லை, வரி அவருக்குத்தான்.

ஆகவே உங்கள் ஊதியப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, ஏப்ரல்-ஜூன் 2026 சூப்பரை எந்தத் தேதியில் கட்டினார்கள் என்று கேளுங்கள். இரண்டு வேலை இருந்தால் இரண்டு இடத்திலும் கேளுங்கள். பதில் வந்ததும் கூட்டிப் பாருங்கள், வரம்பைத் தாண்டும் என்றால் சாலரி சாக்ரிஃபைஸைக் குறைக்கச் சொல்லி எழுதுங்கள். அதையும் மீறிக் கடிதம் வந்துவிட்டால் அதே நாளில் பிரித்து, மேலே உள்ள தேதியோடு 60 நாளைக் கூட்டி நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.