வாராத வாடகையும் கொடாத வட்டியும்

சொந்த இடத்தில் தொழில் நடத்துபவர் வாடகை கொடுப்பதில்லை. சொந்தப் பணத்தைப் போட்டவர் வட்டி செலுத்துவதில்லை. ஆயினும் அவர் விற்கும் பொருளின் அடக்கவிலையில் இவ்விரண்டும் சேருமா என்பதே நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

தாராவியில் தோல் பை தைத்துத் தேர்ந்த ஒருவர், சான்பாடாவில் சொந்தக் கட்டடத்தில் பட்டறை வைத்திருப்பதாகக் கொள்வோம். மாதம் 500 பைகளை 300 ரூபாய் வீதம் விற்கிறார். வரவு 1,50,000 ரூபாய். தோல், கூலி, மின்சாரம் முதலிய செலவுகள் 1,28,000. கட்டடத்தின் தேய்மானம் 3,000. நிதிக்கணக்கு காட்டும் இலாபம் 19,000 ரூபாய். பை ஒன்றின் அடக்கம் 262 ரூபாய்.

அடக்கவிலைக் கணக்கு வேறு கேள்வியை எழுப்புகிறது. அந்த இடத்தை வாடகைக்கு விட்டிருந்தால் மாதம் 15,000 ரூபாய் வந்திருக்கும். கட்டடம் நீங்கலாக அவர் போட்ட 4,80,000 ரூபாய், ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் மாதம் 4,000 ரூபாய் ஈட்டியிருக்கும். இவற்றைக் கற்பிதச் செலவுகள் என்கிறோம். வாடகையைச் சேர்த்தபின் கட்டடத் தேய்மானத்தையும் சேர்த்தால் ஒரே செலவு இருமுறை ஏறும். கட்டடத்தின் விலைக்கும் வட்டி போட்டால் அதே பிழை. ஆகவே தேய்மானத்தை விலக்கி, இவ்விரண்டையும் கூட்டினால் மொத்த அடக்கம் 1,47,000. இலாபம் 3,000 மட்டுமே. பை ஒன்றின் அடக்கம் 294 ரூபாய்.

இரு கணக்குகளும் முரண்படவில்லை. 3,000 ரூபாயுடன் கற்பித வாடகை 15,000, வட்டி 4,000 இவற்றைக் கூட்டி, தேய்மானம் 3,000 கழித்தால், மீண்டும் 19,000 கிடைக்கும். கிடைக்காவிடில் எங்கோ ஓர் இனம் விடுபட்டதென்றோ இருமுறை ஏறியதென்றோ அறியலாம்.

ஒரு வியாபாரி பையை 270 ரூபாய் வீதம் வழக்கமாக வாங்கிக்கொள்வதாகச் சொன்னால், நிதிக்கணக்கின்படி எட்டு ரூபாய் இலாபம். அடக்கவிலைக் கணக்கின்படி இருபத்துநான்கு ரூபாய் நஷ்டம். நெடுங்காலத்திற்கு அவ்விலையில் விற்பவர், இடத்தையும் முதலையும் வேறு வழியில் பயன்படுத்தினால் கிடைக்கக்கூடியதை இழக்கிறார். வாடகைக்கு இருக்கும் பக்கத்துப் பட்டறையோடு வேலைத்திறனை ஒப்பிடவும் இக்கணக்கே வேண்டும்.

எனினும் இதற்கு எல்லையுண்டு. இடத்தை வாடகைக்கு எடுப்பார் எவரும் இல்லையெனில், அந்தப் பதினையாயிரம் வெறும் எண்ணமே. கையிருப்புச் சரக்கின் மதிப்பில் கற்பிதச் செலவு கலந்திருந்தால், அதை நீக்கியே நிதிக்கணக்கில் எழுத வேண்டும். இன்றேல் விற்காத சரக்கின்மீது இலாபம் தோன்றிவிடும். இந்திய அடக்கவிலைக் கணக்காளர் நிறுவனத்தின் நியமங்களும் கற்பிதச் செலவை அடக்கத்தில் சேர்க்க இடம் தருவதில்லை. எனவே விதிப்படி தயாரிக்கும் அறிக்கையில் அதற்கு இடமில்லை; விலை குறிக்கவும், தொழிலைத் தொடர்வதா என்று தீர்மானிக்கவும் உரிமையாளர் தமக்கென வைத்துக்கொள்ளும் ஏட்டிலேயே அது இருக்கவேண்டும்.