தட்டுக்கு எவ்வளவு வலை வேண்டும்?

புணே மாவட்டத்தில் நாராயண்காவ் அருகே கோடத் என்ற ஊரைச் சுற்றி ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் 30 தட்டுகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டம். மெல்லிய எஃகுக் கம்பி வலையால் ஆனவை என்பதால் காற்று ஊடே புகுந்து போய்விடும். நீண்ட ரேடியோ அலைகளோ வலையில் பட்டுத் திரும்பிக் குவியத்தில் சேரும். இப்படி ஒரு தட்டைப் போர்த்த எத்தனை சதுர மீட்டர் வலை தேவை?

வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டால் 1,590 என்று வரும். ஆனால் இது வாயின் பரப்பு. தட்டு குழிந்திருப்பதால் வலை இதைவிடக் கூடுதலாகத்தான் வேண்டும்.

ஒரு பரவளையத்தை அதன் அச்சைச் சுற்றிச் சுழற்றினால் கிடைக்கும் வடிவம் இது. குவியத் தொலைவு 18.54 மீட்டர். ஆரத்தின் வர்க்கத்தை அதன் நான்கு மடங்கால் வகுத்தால் குழியின் ஆழம்: சுமார் 6.83 மீட்டர். இனித் தட்டை மெல்லிய வளையங்களாக வெட்டியதாக நினைத்துக்கொள்ளலாம். நடுவில் உள்ள வளையங்கள் ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். விளிம்பை நெருங்க நெருங்கச் சரிவு கூடும். விளிம்பிலேயே, கிடைமட்டமாக ஒரு மீட்டர் நகர 1.17 மீட்டர் வலை செலவாகும். எல்லா வளையங்களையும் தொகை நுண்கணிதத்தால் கூட்டினால் இந்தச் சூத்திரம் பிறக்கிறது:

A = (8πf²/3) × [(1 + h/f)^(3/2) − 1]

f குவியத் தொலைவு, h ஆழம். h/f இங்கே 0.368. அடைப்புக்குள் 0.600 வரும், வெளியே உள்ள பெருக்குத்தொகை சுமார் 2,880. விடை ஏறத்தாழ 1,729 சதுர மீட்டர். வாயின் பரப்பைவிட 139 அதிகம், அதாவது ஒன்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. (தட்டையான வலைத் துண்டுகளை இணைத்துத்தான் கட்டுகிறார்கள் என்பதால் உண்மைப் பரப்பு இதற்குச் சற்றுக் கீழே இருக்கும், வெட்டில் வீணாவது தனிக்கணக்கு.) இந்தக் கூடுதல் வலை கூடுதல் அலைகளைப் பிடிக்காது. வானை நோக்கித் திறந்திருப்பது அந்த 1,590 மட்டுமே.

அடுக்குக்குறி 3/2-ஐ மறந்து வெறும் 1 என்று போட்டுவிடுவது மாணவர்களிடம் சகஜம். அப்படிப் போட்டால் விடை 1,060. வாயைவிடச் சிறிய போர்வை! அதே விளிம்பும் ஆழமும் உள்ள கூம்பின் பரப்பு 1,662. கோளத் துண்டின் பரப்பு, π(R² + h²), 1,737. கூம்பு பரவளையத்துக்குள் அடங்கும், பரவளையம் கோளத் துண்டுக்குள் அடங்கும். ஆகவே சரியான விடை இவ்விரண்டுக்கும் இடையில்தான் விழும். அவசரத்துக்குக் கோளத் துண்டே போதும். பிழை அரை சதவீதத்துக்குள்.

ஜிஎம்ஆர்டியை உருவாக்கிய கோவிந்த் ஸ்வரூப் அதற்கு முன் ஊட்டியில் அமைத்த தொலைநோக்கிக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. அதுவும் பரவளையம்தான், ஆனால் சுழற்றப்படாமல் 530 மீட்டர் நீளத்துக்கு இழுக்கப்பட்டது. அங்கே வில்லின் நீளத்தை 530-ஆல் பெருக்கினால் பரப்பு வந்துவிடும்.