ஃபுட் ஏன் ஃபீட் ஆனது?

ஆங்கிலத்தில் ‘புக்’ என்பதோடு ‘ஸ்’ சேர்த்தால் பன்மை. ஆனால் ‘ஃபுட்’, ‘மேன்’, ‘மவுஸ்’ ஆகியவை அப்படி மாறுவதில்லை. நடுவிலிருக்கும் உயிரொலியை மாற்றி ‘ஃபீட்’, ‘மென்’, ‘மைஸ்’ ஆகின்றன.

காரணம் 1,000 ஆண்டுகளுக்கும் முந்தையது. ஆங்கிலத்தின் முன்னோர் மொழியில் பாதத்துக்கு ‘ஃபோட்’ என்று பெயர். பன்மையில் அதன் பின்னால் ‘இ’ ஒலியுள்ள விகுதி வந்தது. அந்த ‘இ’யைச் சொல்ல நாக்கு முன்கூட்டியே தயாரானதால், ‘ஓ’ படிப்படியாக ‘ஏ’ ஆனது. பிறகு விகுதி தேய்ந்து உதிர்ந்தது. மாறிய உயிரொலி மட்டும், பின்னாளில் ‘ஈ’யாகி, பன்மையின் அடையாளமாக நின்றது.

‘சில்ட்ரன்’ கதை வேறு. பழைய ஆங்கிலத்தில் ‘சைல்ட்’ என்பதன் பன்மை ‘சில்ட்ரு’. காலப்போக்கில் அது ‘சில்ட்ரே’ என்று ஒலித்தது. அதில் ‘ரே’ பன்மை விகுதி என்பதை மக்கள் மறந்தார்கள். ‘ஆக்ஸன்’ என்ற சொல்லில் வரும் ‘அன்’ விகுதியையும் ஒட்டினார்கள். இப்படி ஒரே சொல்லில் இரண்டு பன்மை விகுதிகள் சேர்ந்தன.

வழக்கம்போல ‘ஸ்’ சேர்த்து ‘த சைல்ட்ஸ் ஆர் பிளேயிங்’ என்றால் கேட்பவர் தடுமாறுவார். ‘சைல்ட்ஸ்’ என்பது அவர் காதில் ‘குழந்தையினுடைய’ என்று விழும். பொம்மையா, புத்தகமா என்று அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பார். ‘மேன்ஸ்’ என்றாலும் இதே கதிதான்.

‘த சில்ட்ரன் ஆர் பிளேயிங்’ என்பதே சரி. ‘சில்ட்ரன்ஸ்’ என்பது ‘சில்ட்ரன்ஸ் புக்’ போல உடைமையைச் சொல்லும்போது மட்டுமே வரும்.